குறைந்த இலக்கம் யாருடைய பெருமை?

எங்கள் மேலதிக வகுப்பில் படிக்கும் பதினொரு பேர் சேர்ந்து கடந்த தவணை விடுமுறையில் ஒரு கணக்குப் பார்த்தோம். அவரவர் வீட்டு மின் பட்டியலைக் கொண்டு வருவது, அதில் உள்ள அலகுகளை எடுத்து அந்த மாதம் எத்தனை கிலோ காபனீரொட்சைட்டுக்கு அந்த வீடு பொறுப்பு என்று கணிப்பது, குறைந்த இலக்கம் பெற்ற வீட்டுக்கு ஒரு சிறு பரிசு கொடுப்பது. யோசனை என்னுடையது. அட்டவணை போட்டவளும் நானே.

எங்கள் வீட்டுப் பட்டியலில் 112 அலகுகள். வீட்டில் ஐந்து பேர். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் என் தோழியின் வீட்டில் 34 அலகுகள். அங்கே ஆறு பேர். முதலிடம் அவளுக்குத்தான். எல்லோரும் கைதட்டினோம். அவள் பரிசை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "நாங்க ஒண்ணும் மிச்சம் புடிக்கலடி. எங்க லயத்துல செலவழிக்க ஒண்ணும் இல்ல."

அன்றிலிருந்து அந்த அட்டவணையை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பெருக்கலிலிருந்து நாங்கள் எடுத்த முடிவு பிழை. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் கணக்கை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

ஓர் அலகு என்பது ஒரு கிலோவொட் மணி. ஆயிரம் வொட் ஸ்திரிப்பெட்டி ஒரு மணித்தியாலம் விடாமல் சூடேறினால் ஓர் அலகு போகும். சக்தியின் கணக்கில் அது 3.6 மெகாயூல். இதை நிலக்கரியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், எரிகிற வெப்பம் முழுவதும் மின்சாரமாகாது. நிலக்கரி மின் நிலையமொன்றின் வினைத்திறன் ஏறக்குறைய 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 3.6 மெகாயூல் மின்சாரம் கிடைக்க 10 மெகாயூல் வெப்பம் வேண்டும். மீதி வெப்பம் கடலுக்கும் காற்றுக்கும் போய்விடும்.

ஒரு கிலோ நல்ல நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ 26 மெகாயூல் தரும். ஆகவே 10 மெகாயூலுக்கு 385 கிராம் நிலக்கரி போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கு காபன் என்று கொண்டால் 257 கிராம் காபன். இரசாயனவியல் படிக்கும் மாணவிகளுக்கு அடுத்த படி தெரியும். காபன் 12 கிராம் எரிந்தால் காபனீரொட்சைட்டு 44 கிராம் உண்டாகும். 257 ஐ 44 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் கிடைப்பது 940 கிராமுக்குச் சற்று மேல். 385 கிராம் கல்லிலிருந்து அதைவிட இரண்டரை மடங்கு பாரமான வாயு எப்படி வரும் என்று என் தம்பி கேட்டான். பாரத்தில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஒட்சிசனுடையது. கல் கொடுப்பது காபனை மட்டுமே.

எனவே நிலக்கரியில் பிறந்த ஓர் அலகுக்கு ஏறக்குறைய 0.95 கிலோ. இதே வழியில் உலை எண்ணெய்க்குப் பார்த்தால், நாற்பது சதவீத வினைத்திறனில் ஓர் அலகுக்கு 0.7 கிலோ அளவில் வரும். நீர், காற்று, சூரியன் ஆகியவற்றில் எரிபொருள் எரிவதில்லை. ஆகவே இந்தக் கணக்கில் அவற்றுக்குப் பூச்சியம்.

ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள மானிக்கு, தன்னுள் ஓடும் மின்சாரம் நுரைச்சோலையிலிருந்து வந்ததா, ரந்தெனிகலவிலிருந்து வந்ததா என்று தெரியாது. எல்லா நிலையங்களும் ஒரே தேசிய மின்வலையமைப்பில் ஊற்றுகின்றன. எல்லா வீடுகளும் அதிலிருந்தே எடுக்கின்றன. பல கிணறுகளின் தண்ணீரை ஒரே தொட்டியில் ஊற்றிய பிறகு, என் குடத்தில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்க முடியாது. தொட்டி முழுவதின் உப்புத்தன்மை எவ்வளவு என்றுதான் கேட்க முடியும். அந்தச் சராசரி உப்புத்தன்மையைத்தான் மின்வலையமைப்பின் உமிழ்வுக் காரணி என்கிறார்கள். நாட்டில் மின்சாரத்துக்காக வெளிவந்த மொத்தக் காபனீரொட்சைட்டை, உற்பத்தியான மொத்த அலகுகளால் வகுத்தால் அது கிடைக்கும்.

நல்ல மழை பெய்த ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நூறு அலகில் ஏறக்குறைய ஐம்பது நீர், காற்று, சூரியனிலிருந்து வருகிறது. கணக்குக்காக 33 அலகு நிலக்கரி, 17 அலகு எண்ணெய் என்று வைப்போம். நிலக்கரியின் பங்கு 31 கிலோ, எண்ணெயின் பங்கு 12 கிலோ. மொத்தம் 43 கிலோ. அதாவது உற்பத்தியாகும் ஓர் அலகுக்கு 0.43 கிலோ. கம்பியில் வரும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் இழக்கப்படுகிறது என்று கொண்டால், வீட்டு மானியில் பதியும் ஓர் அலகுக்கு அது 0.47 ஆகும். இது நான் படிகளைக் காட்டுவதற்காகப் போட்ட அண்ணளவான கணக்கு. உத்தியோகபூர்வக் காரணியை இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை தனது வலுச் சமநிலை அறிக்கையில் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பாடசாலைச் செயற்திட்டம் செய்பவர்கள் அந்த அறிக்கையில் உரிய ஆண்டுக்குரிய இலக்கத்தையே எடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீடு: 112 ஐ 0.47 ஆல் பெருக்கினால் 53 கிலோ. தோழியின் வீடு: 34 ஐ 0.47 ஆல் பெருக்கினால் 16 கிலோ. ஆளுக்கு ஆள் பிரித்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பத்தரைக் கிலோ. அவள் வீட்டில் மூன்று கிலோவுக்கும் குறைவு.

இந்தக் கணக்கில் நாங்கள் முதலில் ஒரு பெரிய தவறு செய்தோம். இணையத்தில் கிடைத்த ஒரு கணிப்பானில் அலகுகளைப் போட்டேன். எங்கள் வீட்டுக்கு 23 கிலோ என்று காட்டியது. மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்து, வந்த கிலோவை அலகுகளால் வகுத்துப் பார்த்தேன். 0.2 வந்தது. அது பிரித்தானியாவின் காரணி. அங்கே நிலக்கரியைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். அதே 112 அலகை நிலக்கரியை அதிகம் நம்பியிருக்கும் இந்தியாவின் காரணியால் பெருக்கினால் எண்பது கிலோவை நெருங்கும். ஒரே வீடு, ஒரே பட்டியல். ஆகவே யாராவது உங்களிடம் ஒரு வீட்டின் கிலோக் கணக்கைக் காட்டினால், முதலில் அதை அலகுகளால் வகுத்துப் பாருங்கள். எந்த நாட்டின், எந்த ஆண்டின் மின்சாரத்தைக் கொண்டு கணித்தார்கள் என்பது உடனே வெளியே வந்துவிடும். பட்டியல் எத்தனை நாட்களுக்குரியது என்பதையும் பாருங்கள். மானி வாசிப்பவர் நான்கு நாள் பிந்தி வந்த மாதத்தில் எந்த வீடும் ஊதாரியாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கியபோது வாப்பா சிரித்தார். "நம்ம மாவட்டத்துத் தண்ணியிலதான் கரண்ட் எடுக்கிறாங்க. நமக்கு ஏது மகள் புகை?" என்றார். ஊவாவில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறந்து வைக்கப்பட்டது. கரந்தகொல்லையில் நிலத்துக்கடியில் இரண்டு சுழலிகள், 120 மெகாவொட். ஆண்டுக்கு 29 கோடி அலகுகள் கிடைக்கும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. பெரிய இலக்கம்தான். ஆனால் நாடு முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாவது ஏறக்குறைய 1,600 கோடி அலகுகள். உமா ஓயாவின் பங்கு நூற்றுக்கு இரண்டை விடக் குறைவு.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அணைக்குப் பக்கத்தில் இருப்பதால் பதுளை வீடுகளுக்குப் பூச்சியம் என்றால், நுரைச்சோலைக்குப் பக்கத்தில் கற்பிட்டியில் இருக்கும் என் மாமியின் வீடு நாட்டின் நிலக்கரி முழுவதையும் சுமக்க வேண்டும். அந்த 900 மெகாவொட் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியை மாமி வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன். மாமி கேட்டா அதை அங்கே கட்டினார்கள்? வலையமைப்பு ஒன்று என்றால் அதன் நன்மையும் புகையும் எல்லோருக்கும் பொது.

நீர் மின்சாரத்துக்குப் பூச்சியம் என்று எழுதும்போது இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்தப் பூச்சியம் வாயுவுக்கு மட்டும் உரியது. உமா ஓயாச் சுரங்கத்தைத் தோண்டும்போது 2014 இறுதியில் நீர் உட்புகுந்தது. அதன் பின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்த வீடுகளின் இழப்பு கிலோக் கணக்கில் எங்கும் வராது. காரணி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதனிடம் எல்லாக் கேள்வியையும் கேட்கக் கூடாது.

அடுத்து, மழை. நமது பெரிய நீர்த்தேக்கங்கள் வற்றும் ஆண்டில் குறைபட்ட அலகுகளை எண்ணெயும் நிலக்கரியும் நிரப்புகின்றன. 2017 அப்படியான வறட்சி ஆண்டு. அந்த ஆண்டில் மின்சாரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிலக்கரியிலிருந்தும், அதே அளவு எண்ணெயிலிருந்தும் வந்தது. மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று என்றே வைத்து மேலே செய்ததுபோல் கணித்தால் காரணி 0.55 ஆகும். கம்பி இழப்பையும் சேர்த்தால் 0.60. எங்கள் வீடு அதே 112 அலகைப் பாவித்திருந்தாலும் 53 கிலோ 67 கிலோவாகியிருக்கும்.

இதில் ஒரு விபரீதம் பாருங்கள். ஓர் உம்மா மிகக் கஷ்டப்பட்டுத் தன் வீட்டுப் பாவனையை 112 இலிருந்து 95 ஆகக் குறைக்கிறார். ஆனால் ஆண்டு வறட்சியாகிவிட்டது. 95 ஐ 0.60 ஆல் பெருக்கினால் 57 கிலோ. பதினேழு அலகு மிச்சம் பிடித்த பிறகும் அவருடைய இலக்கம் கூடியிருக்கிறது. மறுபுறம், நல்ல மழை ஆண்டில் எதுவும் செய்யாதவருக்கும் இலக்கம் குறையும். ஆகவே கிலோவைப் பார்த்து ஒருவரைப் பாராட்டுவதோ குறை சொல்வதோ நியாயமில்லை. வீட்டின் முயற்சியை அளக்க அலகு போதும். நாட்டின் மின்சாரம் எவ்வளவு சுத்தமானது என்பதை அளக்கத்தான் காரணி. இரண்டையும் பெருக்கியதும், எது யாருடைய பொறுப்பு என்பது மறைந்துவிடுகிறது.

நேரமும் இப்படித்தான். சராசரிக் காரணிக்குப் பகல் பன்னிரண்டு மணியும் இரவு ஏழரை மணியும் ஒன்று. ஆனால் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை நாடு முழுவதும் விளக்குப் போட்டு, சமைத்து, தொலைக்காட்சி பார்க்கும்போது சூரிய மின்சாரம் இல்லை. அந்த உச்ச நேரத்தைத் தாங்க எண்ணெய் நிலையங்களை ஓட்ட வேண்டியிருக்கிறது. பகலில் நிலைமை நேர்மாறாகவும் இருக்கலாம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி, தேவை குறைந்து, வெயில் நன்றாக அடித்தபோது, கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேண்டாத அளவுக்கு மின்சாரம் இருந்தது.

இரவு எட்டு மணிக்கு நான் சீருடைகளை ஸ்திரி போட்டு ஓர் அலகு செலவழித்தால் எங்கோ ஓர் எண்ணெய் இயந்திரம் அந்த அளவுக்குக் கூடுதலாக எரியக் கூடும். அதையே ஞாயிறு நண்பகலில் செய்தால் அப்படி எரிய வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. எந்த நிலையம் கூட்டும், எது குறைக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும் என்பது உண்மை. ஆனாலும் "என் பங்கு எவ்வளவு?" என்பதும் "நான் அணைத்தால் எவ்வளவு குறையும்?" என்பதும் இரண்டு கேள்விகள். முதலாவதற்குச் சராசரிக் காரணி பதில் சொல்லும். இரண்டாவதற்கு எரிபொருள் நிலையங்களை மட்டும் வைத்துக் கணிக்கும் வேறு காரணி இருக்கிறது. அது சராசரியை விடப் பெரியது. மாலையில் ஒரு விளக்கை அணைப்பதன் பயன், எங்கள் அட்டவணை காட்டியதைவிடக் கூடுதல் என்பதே இதன் பொருள்.

சரி, இனித் தோழியின் 34 அலகுக்கு வருகிறேன்.

அந்த லயத்து வீட்டில் மூன்று மின்குமிழ்கள், ஒரு சிறிய தொலைக்காட்சி, இரண்டு தொலைபேசி, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்திரிப்பெட்டி. குளிர்சாதனப் பெட்டி இல்லை. சோறு பொங்குவது விறகில். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும்போது அவளுடைய அம்மா விறகுக் கட்டையும் தலையில் சுமந்து வருகிறார். அடுப்படியில் புகை போக வழி குறைவு. மாலையில் தோழி வாசிக்க உட்காரும்போது கண் எரியும் என்பாள். எங்கள் அட்டவணையில் இந்தப் புகைக்கு நிரலே இல்லை. மின்மானி வழியாக வராத எதையும் அந்தக் கணக்கு காணாது.

அவர்கள் இப்போது ஒரு ரைஸ் குக்கர் வாங்க யோசிக்கிறார்கள். ஒரு தடவை சோறு ஆக்க 0.4 அலகு என்று வைத்தால் மாதம் 12 அலகு. 34 அலகு 46 ஆகும். 16 கிலோ 22 கிலோ ஆகும். எங்கள் போட்டி அடுத்த மாதமும் நடந்தால், அவள் "பின்னடைந்துவிட்டாள்" என்று அட்டவணை சொல்லும். உண்மையில் அன்றைக்குத்தான் அந்த அடுப்படியில் ஒரு வேளைப் புகை நிற்கும். அந்தத் தாயின் தலையில் ஒரு கட்டு விறகு குறையும். அப்போதும் அந்த வீட்டின் ஒருவருக்குரிய பங்கு நான்கு கிலோவை எட்டாது. என்னுடையது பத்தரை.

ஓடும் ஆற்றில் நின்று வுழூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உமா ஓயா பக்கத்தில் ஓடுவது வாப்பாவுக்கும் எனக்கும் சாட்டாகாது என்பதை அதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் வீண்விரயம் என்ற சொல் தேவைக்கு மேல் எடுப்பவருக்கு உரியது. தேவையே நிறைவேறாத வீட்டுக்கு அந்தச் சொல்லும் பொருந்தாது, சிக்கனம் என்ற பாராட்டும் பொருந்தாது.

ஆகவே என் கருத்து இது. பாடசாலைகளில் "குறைந்த காபன் வீடு" என்ற போட்டிகள் வேண்டாம். ஒரு வீட்டை அதே வீட்டின் கடந்த ஆண்டு அலகுகளோடு மட்டும் ஒப்பிடுவோம். ஒருவருக்குரிய அலகு மிகக் குறைந்த வீடுகளை மிச்சப்படுத்தும் கணக்கிலிருந்து விட்டுவிடுவோம். அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மின் பட்டியலில் அலகுக்கும் ரூபாய்க்கும் கீழே இன்னொரு வரி அச்சிடப்பட வேண்டும்: இந்த ஆண்டின் காரணி என்ன, அதன்படி இந்த மாதம் எத்தனை கிலோ. காரணி கூடினால் அது நாட்டு மக்கள் மின்சாரத்தைத் திட்டமிடுபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அலகு கூடினால் அது நாம் நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அட்டவணையைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது அதில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. எங்கள் வீட்டு வரிக்கு எதிரே "ஸ்திரி: ஞாயிறு பகல்" என்று எழுதியிருக்கிறேன். தோழியின் வரிக்கு எதிரே அவளே எழுதினாள்: "குக்கர் வந்ததும் கூடும்."